கேமரா தள்ளி, மைக் கிட்டே: வீட்டு ஹாலிலிருந்து நேரலை யோகா வகுப்பு

நேரலையில் யோகாவோ சமையலோ சொல்லித்தரத் தொடங்குபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "வைடு ஆங்கிளில் வையுங்க, எல்லாம் தெரியும்" என்பதுதான். கேட்பவரும் கைபேசியில் 0.5x பொத்தானைத் தட்டிவிட்டு, கேமராவை நான்கடி தூரத்தில் வைத்து வகுப்பைத் தொடங்கிவிடுவார். ஆசிரியரின் முழு உருவமும் திரைக்குள் வந்துவிடும். ஆனால் பாதம் பூதாகாரமாகத் தெரியும், தலை சிறுத்துவிடும், குரல் குளியலறையிலிருந்து வருவதுபோல் கேட்கும். மாணவர்கள் மூன்றாவது ஆசனத்திலேயே எந்தக் கால் முன்னால் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

அகலமான படத்தால் கிடைப்பது ஒன்று, இழப்பது இரண்டு. உடல் முழுவதும் தெரியும். அதற்கு விலையாக நுணுக்கம் போய்விடும், மைக்கும் வாயைவிட்டு விலகிவிடும். அந்த இரண்டையும் எப்படி ஈடுகட்டுவது என்பதைத்தான் இங்கே யோகா வகுப்பை வைத்துப் பார்க்கிறோம். சமையலில் எது மாறும் என்பது பின்னால் வரும்.

## 'வைடு' என்றால் என்ன?

கல்யாண மண்டபத்தில் குரூப் போட்டோ எடுப்பவரைக் கவனித்திருப்பீர்கள். நாற்பது பேர் வரிசையாக நின்றால், முதலில் அவர் பின்னால் நகர்வார். நாற்காலிகள் இடிக்கும்வரை போவார். அதற்கு மேல் இடமில்லை என்றால்தான் லென்ஸை அகலமாக்குவார். அப்படி அகலமாக்கினால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் படத்தில் பருத்துப் போய்விடுவார்கள். கிட்டே போய் எடுத்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்கள் பின்வரிசைத் தலைகளைவிடப் பெரிதாக விழும்.

இந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு. பலர் இரண்டையும் லென்ஸின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஓரத்தில் பருப்பது லென்ஸின் வேலை. கேமரா ஒரே சமயத்தில் எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்பதைக் காட்சிக் கோணம் என்போம். அந்தக் கோணம் விரிய விரிய, படத்தின் விளிம்பில் இருப்பவை வெளிப்பக்கமாக இழுபடும். நடுவில் இருப்பவை அப்படியே இருக்கும்.

கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிவது தூரத்தின் வேலை, லென்ஸுக்கு இதில் பங்கில்லை. கேமரா நான்கடியில் இருக்கிறது, யோகா பாய் கேமராவை நோக்கி நீளவாக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாயின் கிட்ட ஓரம் நான்கடியிலும், அடுத்த ஓரம் ஏறக்குறைய ஒன்பதரை அடியிலும் இருக்கும். கிட்டே நீட்டிய பாதம் மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். அதே பாயைப் பக்கவாட்டில், அதாவது நீள ஓரம் கேமராவைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, கேமராவை ஒன்பதடிக்குத் தள்ளிவிட்டால் இந்தக் கோளாறு கண்ணுக்கே தெரியாது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பாயைத் திருப்பிப் போடுங்கள், பிறகு கேமராவை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள், அதன் பிறகும் உடல் அடங்காவிட்டால் மட்டும் லென்ஸை அகலமாக்குங்கள்.

## பன்னிரண்டுக்குப் பத்து ஹாலில் கணக்கு

ஒரு சாதாரண அடுக்குமாடி ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. கைபேசி ஸ்டாண்டை ஒரு பக்கச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைக்கிறோம். பாயின் நடுக்கோடு எதிர்ச்சுவரிலிருந்து இரண்டரை அடியில் இருக்கட்டும், அதற்கும் குறைத்தால் கை சுவரில் இடிக்கும். மீதி 9 அடி. அதுதான் கேமராவுக்கும் ஆசிரியருக்கும் உள்ள தூரம்.

கைபேசியின் வழக்கமான பின் கேமரா, வீடியோவில், தூரத்தைப்போல் ஏறக்குறைய 1.2 மடங்கு அகலத்தைக் காட்டும். 9 அடிக்கு 10.8 அடி அகலம். கைபேசியைப் படுக்கவைத்து எடுக்கும்போது படத்தின் உயரம் அகலத்தில் பதினாறில் ஒன்பது பங்கு, அதாவது 6 அடி சொச்சம். ஐந்தரை அடி உயரமுள்ள ஆசிரியர் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் 7 அடி வருவார். விரல்கள் வெட்டுப்படும். தாடாசனத்திலேயே தோற்றுவிட்டோம்.

0.5x லென்ஸுக்கு மாறினால் அகலம் தூரத்தைப்போல் ஏறக்குறைய 2.2 மடங்கு. 9 அடியில் கிட்டத்தட்ட 20 அடி அகலம், 11 அடி உயரம். இப்போது ஆசிரியர் அடங்குவார், ஆனால் படத்தில் பாதி உயரம்தான் இருப்பார். மேலே மின்விசிறியும் கீழே வெறும் தரையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 0.7x வைத்தால் 14 அடி அகலம், 8 அடி உயரம் கிடைக்கும். நமக்கு வேண்டியது இதுதான். விளிம்பில் இழுபடும் பகுதியும் இதில் வெட்டுப்பட்டுப் போவது கூடுதல் லாபம்.

கைபேசிக்குக் கைபேசி இந்த மடங்கு மாறும். உங்களுடையதைக் கண்டுபிடிப்பது எளிது. சுவரிலிருந்து சரியாக 5 அடியில் கைபேசியை வைத்து, வீடியோ நிலையில், திரையின் இரு ஓரத்திலும் தெரியும் இடங்களில் சுவரில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை 5ஆல் வகுத்தால் மடங்கு வந்துவிடும். வகுப்பு எடுக்கப்போகும் செயலியைத் திறந்துவைத்தே இதைச் செய்யுங்கள். சில கைபேசிகளில் கேமரா செயலியில் இருக்கும் 0.5x, வீடியோ அழைப்புச் செயலியில் வராது. அந்த நிலையில் ஹாலின் மூலைவிட்டத்தில் கேமராவை வைத்துத் தூரத்தைக் கூட்டுவதுதான் வழி.

உயரம் அடுத்தது. படம் 8 அடி உயரத்தைக் காட்டுகிறது என்றால் கேமரா அதன் பாதிக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து மூன்றரை அடியில், சாய்க்காமல் நேராக இருக்க வேண்டும். அப்போது தரைக்கு அரையடி கீழிருந்து ஏழரை அடி உயரம்வரை தெரியும். இதைவிட மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும், சுவரின் நேர்க்கோடுகள் சாயும். நேராக நிற்கும் ஆசிரியரும் சாய்ந்து நிற்பதாகத் தெரியும். முதுகை நேராக வைக்கச் சொல்லும் வகுப்பில் இது பெரிய குற்றம். தரையோடு தரையாக வைத்தாலோ, சவாசனத்தில் பாதி உடல் மறைந்துபோகும்.

ஜன்னல் ஆசிரியருக்குப் பின்னால் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு ஆசிரியரைக் கறுப்பு நிழலாக்கிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால், உடலின் மடிப்புகளும் முழங்கால் வளைவும் நன்றாகப் பிடிபடும்.

இதுவரை பார்த்தது: பாய் பக்கவாட்டில், கேமரா 9 அடியில், உயரம் மூன்றரை அடி, தலைக்கு மேல் தூக்கிய கை வெட்டுப்படாத அளவுக்கு மட்டுமே அகலம்.

## மாணவர் கையில் நீங்கள் ஐந்து சென்டிமீட்டர்

இனி இழப்புக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் வகுப்பைக் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். படுக்கவைத்த கைபேசியில் படத்தின் உயரம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். அதில் 8 அடிக் காட்சி அடங்கியிருக்கிறது. ஐந்தரை அடி ஆசிரியர் அங்கே 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. அவருடைய பாதத்தின் நீளம் 7 மில்லிமீட்டர். பெருவிரலைத் தரையில் அழுத்தியிருக்கிறாரா, தூக்கியிருக்கிறாரா என்பதை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

பெரிய திரையில் பார்த்தாலும் இணைப்பு சரியில்லை என்றால் இதே கதைதான். வீடியோ படம் புள்ளிகளின் வரிசைகளால் ஆனது. 720p என்றால் மேலிருந்து கீழ்வரை 720 வரிசை. கூட்ட அழைப்புகளில் செயலி பல நேரம் இதை 360 வரிசையாகக் குறைத்து அனுப்பும். 8 அடியை 360ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். பெருவிரலின் அகலம் மூன்று புள்ளி. கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஜூம் செயலியில் ஆசிரியரின் படத்துக்கு Spotlight கொடுத்தால் எல்லோருடைய திரையிலும் அது பெரிதாக வரும், இல்லாவிட்டால் சிறு கட்டங்களில் ஒன்றாகிவிடுவார். உடையும் பின்சுவரும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளைக் குர்த்தா போட்டால் கை எங்கே முடிகிறது என்று தெரியாது. தொளதொள உடையில் முழங்கால் தெரியாது.

ஆனால் அகலப் படம் உடலின் வடிவத்தை மட்டும்தான் காட்டும். எடை எந்தக் காலில், முழங்கால் எந்தப் பக்கம், வயிறு உள்ளேயா வெளியேயா, மூச்சு எப்போது என்பதெல்லாம் வாய் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

## குரல் ஏன் கிணற்றுக்குள் போகிறது?

கேமராவைத் தள்ளி வைத்தபோது அதிலிருக்கும் மைக்கும் கூடவே போய்விட்டது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகால் சொல்வார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், வாயிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். சட்டையில் குத்திய மைக் வாயிலிருந்து 8 அங்குலத்தில் இருக்கும். கைபேசி 9 அடியில், அதாவது 108 அங்குலத்தில். 8, 16, 32, 64, 128 என்று எண்ணினால் கிட்டத்தட்ட நான்கு இரட்டிப்பு. குரல் 22 டெசிபல்போலக் குறைந்துவிடுகிறது.

குறைவது குரல் மட்டும்தான். மின்விசிறியின் இரைச்சலும், சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலியும் ஹால் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருக்கும். எனவே 9 அடியில் இருக்கும் மைக்குக்குக் குரலைவிட எதிரொலிதான் அதிகம் கிடைக்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். ஒலியளவைக் கூட்டினால் விசிறியும் எதிரொலியும் சேர்ந்தே கூடும். கைபேசி இதைத் தானாகவே செய்யும்: நீங்கள் பேசாமல் இருக்கும் இடைவெளியில் விசிறிச் சத்தம் மெல்ல எழும்பி வந்தால், அது ஒலியைத் தானே கூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தீர்வு உரக்கப் பேசுவதில் இல்லை. மைக்கைப் பிரித்து வாய்க்கருகே கொண்டுவர வேண்டும். கேமராவிடம் ரிசீவர், ஆசிரியரிடம் சிறு மைக் என்று இரண்டு துண்டாக வரும் வயர்லெஸ் காலர் மைக் இதற்குப் போதும். வயர் மைக் மலிவு, ஆனால் 9 அடி வயர் பாயின் குறுக்கே கிடந்தால் சூரிய நமஸ்காரத்தின் நடுவே காலில் சுற்றும். புளூடூத் இயர்பட்ஸில் மைக்கைப் பயன்படுத்தும்போது இணைப்பு பெரும்பாலும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். தலைகீழ் ஆசனத்தில் கழன்று விழவும் செய்யும்.

எங்கே குத்துவது என்பதில் யோகாவுக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்செலும்பின் மேல் குத்துவது வழக்கம். நின்றும் உட்கார்ந்தும் செய்யும் ஆசனங்களுக்கு இது சரி. சர்வாங்காசனத்திலும் ஹலாசனத்திலும் மோவாய் நேராக மைக்கின் மேல் வந்து அமுங்கும், 'கரகர' என்ற சத்தம்தான் போகும். அதோமுக சுவானாசனத்தில் சட்டை முகத்தை நோக்கிச் சரியும். இத்தகைய ஆசனங்கள் பாதிக்கு மேல் இருக்கும் வகுப்பானால் காதில் மாட்டும் ஹெட்செட் மைக்தான் நல்லது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாது. மைக்கின் முனை உதட்டுக்கு நேரே வராமல், வாயின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நேரே வைத்தால் மூச்சுக்காற்று 'புஸ் புஸ்' என்று விழும்.

மைக்கை மாட்டிவிட்டால் செயலி அதைத்தான் கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கைபேசி பழைய மைக்கிலேயே நின்றுவிடுவது அடிக்கடி நடக்கும். காலர் மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். வேறு அறையில் இன்னொரு கைபேசியில் கேட்பவருக்கு அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்டால் சரி.

ஓங்காரத்தோடு வகுப்பைத் தொடங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செயலியின் இரைச்சல் நீக்கி, ஒரே சீராக நீளும் ஒலியை விசிறிச் சத்தம் என்று நினைத்து நறுக்கிவிடும். மாணவர்களுக்கு 'ஓ...' என்று தொடங்கியது பாதியில் மறைந்துபோகும். ஜூமின் கணினிச் செயலியில் Original sound for musicians என்பதை இயக்கினால் இது நிற்கும். ஆனால் விசிறியும் அப்போது அப்படியே கேட்கும். ஓங்காரம் முடிந்ததும் அணைத்துவிடலாம்.

சுருக்கமாக: படத்துக்குத் தூரம் வேண்டும், குரலுக்குக் கிட்டம் வேண்டும். ஒரே கருவியால் இரண்டும் முடியாது.

## 'இப்படி' என்ற சொல் இல்லாமல்

மைக் சரியாகிவிட்டது, இனிப் பேச்சு. நேரில் நடத்தும் வகுப்பில் பழகியவர்களுக்கு வாயில் முதலில் வருவது இதுதான்: "காலை இப்படி வெச்சுட்டு, கையை இப்படி நீட்டி, கொஞ்சம் கீழ இறங்குங்க." ஐந்து சென்டிமீட்டர் உருவத்தைப் பார்ப்பவருக்கு 'இப்படி' என்பதில் எந்தச் செய்தியும் இல்லை. தலையைக் கவிழ்த்து ஆசனத்தில் இருப்பவருக்குத் திரையே தெரியாது.

ஒவ்வொரு அறிவுறுத்தலிலும் நான்கு செய்திகள் இதே வரிசையில் வரட்டும்: மூச்சு உள்ளேயா வெளியேயா, எந்தப் பக்கம், எந்த உறுப்பு, எங்கே போக வேண்டும். இரண்டாம் வீரபத்ராசனத்தை இந்த முறையில் சொல்லிப் பார்ப்போம்.

"பாயின் நடுவில் என்னைப் பார்த்து நில்லுங்க. இரண்டு பாதத்துக்கும் நடுவுல மூன்றரை, நாலடி இடைவெளி. வலது பாதம்: விரல்கள் வலது பக்கச் சுவரைப் பார்க்கட்டும். இடது பாதம்: விரல்கள் கொஞ்சம் உள்பக்கம். மூச்சை இழுங்க, இரண்டு கையும் பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு. மூச்சை விடுங்க; வலது முழங்காலை மடக்குங்க, முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேல வந்ததும் நிறுத்துங்க. தலையை வலது பக்கம் திருப்பி, நடுவிரலைப் பாருங்க."

இதில் அளவும் இருக்கிறது, நிறுத்த வேண்டிய இடமும் இருக்கிறது. 'கொஞ்சம் இறங்குங்க' என்றால் ஒருவர் ஓரங்குலம் இறங்குவார், இன்னொருவர் முழங்காலைக் கணுக்காலைத் தாண்டிக் கொண்டுபோய் வலியை வாங்கிக்கொள்வார். ஆசனத்தில் ஐந்து மூச்சு நிற்கும்போது, படத்தில் தெரியாத இரண்டே திருத்தங்களைச் சொல்லுங்கள்: "வலது முழங்கால் உள்பக்கம் சாயாம, இரண்டாவது விரலுக்கு நேரா இருக்கட்டும். இடது பாதத்தோட வெளி ஓரம் தரையை விட்டு எழும்பக் கூடாது." பிறகு பேசாமல் இருங்கள். இடைவிடாமல் பேசினால் மாணவர் கேட்பதை நிறுத்திவிடுவார்.

சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகு நீங்கள் அசையுங்கள். பேசிக்கொண்டே அசைந்தால், மாணவர் பாதியில் தலையைத் தூக்கித் திரையைப் பார்ப்பார், ஆசனம் கலையும். நீங்கள் குனிந்திருக்கும்போது குரலும் அமுங்கும், மூச்சிரைப்பும் கேட்கும். கடினமான ஆசனத்தை ஒரு பக்கம் செய்து காட்டிவிட்டு, மறுபக்கத்துக்குப் பாயிலிருந்து விலகி நின்று வெறுமே சொல்லுங்கள். அப்போதுதான் மாணவர்களின் கட்டங்களையும் உங்களால் பார்க்க முடியும்.

இடது வலதுதான் பெரிய தலைவலி. கேமராவைப் பார்த்து நிற்கும் ஆசிரியரின் வலது கை, மாணவரின் திரையில் இடது பக்கம் தெரியும். மாணவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல்தான் பின்பற்றுவார். எனவே வாயால் 'வலது' என்று சொல்லி, உடலால் இடதைச் செய்வதே வழி. இதைப் பழகும்போது உங்கள் திரையில் தெரியும் உங்கள் படமே உங்களைக் குழப்பும், ஏனென்றால் ஜூம் அதை உங்களுக்கு மட்டும் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுகிறது. வீடியோ அமைப்பில் Mirror my video என்பதை அணைத்துவிட்டால் மாணவர் பார்ப்பதையே நீங்களும் பார்க்கலாம். ஒரு வகுப்புக்குள் முறையை மாற்றாதீர்கள்.

யூடியூபில் நேரலை செய்தால் மாணவருக்குப் படம் பல நொடி தாமதமாகப் போகும். அங்கே கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க முடியாது. திருத்தம் கொடுக்கும் வகுப்புக்கு இருவழி அழைப்புதான் ஏற்றது.

## சமையலில் என்ன மாறும்?

சமையல் வகுப்பில் உடலின் வடிவம் முக்கியமில்லை. அகலப் படம் அங்கே மேடையில் எது எங்கே இருக்கிறது, கை எதை எடுக்கிறது என்பதைக் காட்டும். வாணலிக்குள் நடப்பதை அது காட்டாது. அதற்கு மேலிருந்து கீழே பார்க்கும் இரண்டாவது கைபேசி வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டால் நீராவி லென்ஸில் படியும், எண்ணெய்த் துளிகளும் தெறிக்கும். ஓரடி முன்னால் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள்.

'பொன்னிறமா வறுங்க' என்று சொல்லி நிறத்தைக் கேமராவிடம் விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைக் கேமரா தானே மாற்றிக்கொள்ளும். மஞ்சள் விளக்கின் கீழ் பச்சை வெங்காயமே வதங்கியதுபோல் தெரியும். கேட்பதையும் தொடுவதையும் சொல்லுங்கள்: கடுகு வெடித்து ஓசை அடங்கியதும் உளுத்தம்பருப்பு, வெங்காயத்தைக் கரண்டியால் அழுத்தினால் உடையும்வரை வதக்கல், ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை மசாலா. தாளிக்கும்போது மைக் சட்டையில் இருந்தாலும் அந்த ஓசையில் பேச்சு மூழ்கும். தாளிப்புக்கு முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் விசிறியை அறிவுறுத்தல் சொல்லும் நேரத்திலாவது அணையுங்கள்.

## வகுப்புக்கு முந்தைய நாள்

தனி அழைப்பு ஒன்றைத் தொடங்கி, பக்கத்து அறையில் வேறு ஒருவரின் கைபேசியை இணையுங்கள். அவர் இயர்போன் மாட்டிக்கொள்ளட்டும். முதலில் நீங்கள் பாயில் மூன்று நிலைகளைச் செய்யுங்கள்: கையைத் தூக்கி நிற்பது, காலை அகட்டிக் கையை விரிப்பது, கைகளைத் தலைக்கு மேல் நீட்டிப் படுப்பது. மூன்றிலும் விரல் வெட்டுப்படக் கூடாது. படத்தின் ஓரங்கள் தரையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, ஸ்டாண்டின் மூன்று காலடியிலும் பாயின் நான்கு மூலையிலும் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

பிறகு அவரைத் திரையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, வீரபத்ராசனத்தைப் பேச்சால் மட்டும் நடத்துங்கள். யோகா தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. முடித்துவிட்டுப் போய் அவர் நிற்கும் நிலையைப் பாருங்கள். தவறான பக்கம் திரும்பியிருந்தால் பக்கத்தை உறுப்புக்கு முன் சொல்லவில்லை. முழங்கால் கணுக்காலைத் தாண்டியிருந்தால் நிறுத்தும் இடத்தைச் சொல்லவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டு "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், உங்கள் சொற்களைக் குறைசொல்வதற்கு முன் மைக்கை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.